இருட்டுக் காட்சிக்கு எது உதவும்: பேக்லைட்டைக் குறைப்பதா, லோக்கல் டிம்மிங்கைக் கூட்டுவதா?

திரையில் இரவு நேரக் கடல். நடுவில் ஒரு படகு, படகில் ஒரே ஒரு லாந்தர். படத்துக்குக் கீழே உள்ள கருப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் வசனம் ஓடுகிறது. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கடல் கருப்பாக இல்லை, சாம்பல் பூத்துக் கிடக்கிறது. மெனுவுக்குப் போய் லோக்கல் டிம்மிங்கை High ஆக்கினால் கடல் கருத்துவிடுகிறது. ஆனால் லாந்தரைச் சுற்றியும் வசன வரியைச் சுற்றியும் புகை படர்ந்ததுபோல ஓர் ஒளிவட்டம் வந்துவிடுகிறது. Off ஆக்கினால் வட்டம் மறைகிறது, சாம்பல் திரும்புகிறது.

இந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டே எந்த அமைப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். இங்கே சொல்வதெல்லாம் எல்சிடி திரைகளுக்கு. எல்இடி டிவி, மினி எல்இடி டிவி என்று பெட்டியில் எப்படி எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது எல்சிடிதான். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைகிறது. அதனால் இந்தச் சிக்கல் அங்கே எழாது.

சாம்பல் எங்கிருந்து வருகிறது

எல்சிடியில் வெளிச்சம் தருவது பின்னால் இருக்கும் விளக்கு, அதாவது பேக்லைட். முன்னால் இருக்கும் திரவப் படிகப் புள்ளிகள் கதவுகள் மாதிரி. கருப்பு வேண்டுமென்றால் கதவு மூடும், ஆனால் முழுதாக மூடாது. விஏ வகைத் திரையில் கதவு மூடியிருக்கும்போது, திறந்திருக்கும்போது வருவதில் சுமார் மூவாயிரத்தில் ஒரு பங்கு முதல் ஆறாயிரத்தில் ஒரு பங்கு வரை கசியும். ஐபிஎஸ் வகையில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு கசியும். இந்த விகிதம்தான் திரையின் இயல்பான கான்ட்ராஸ்ட். எந்த மெனுவாலும் இதை மாற்ற முடியாது.

நம்முடைய திரை 4000:1 கொண்ட விஏ என்று வைத்துக்கொள்வோம். திரையின் பிரகாசத்தை நிட் என்ற அலகில் அளப்பார்கள். பேக்லைட்டை வெள்ளை நிறம் 300 நிட் வரும் அளவுக்கு ஏற்றி வைத்திருந்தால், கருப்பு 0.075 நிட். பேக்லைட்டை இறக்கி வெள்ளையை 100 நிட்டுக்குக் கொண்டுவந்தால், கருப்பு 0.025 நிட். இரண்டிலும் விகிதம் அதே 4000தான். பேக்லைட்டைக் குறைப்பதால் கான்ட்ராஸ்ட் துளியும் கூடுவதில்லை. கூடியதுபோலத் தோன்றுவதற்குக் காரணம் கண். இருட்டு அறையில் 0.075 நிட் சாம்பல் நன்றாகத் தெரியும், 0.025 நிட் அவ்வளவாக உறுத்தாது. அதே சமயம் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு 100 நிட் வெள்ளையே போதிய பிரகாசமாக இருக்கும். சாதாரண எஸ்டிஆர் படங்களை வண்ணம் சீர்செய்யும் அறைகளிலும் வெள்ளைக்கு இலக்கு 100 நிட்தான். ஆகவே பேக்லைட்டை இறக்குவதால் படத்துக்குப் பெரிய இழப்பில்லை.

பகலில் கணக்கே வேறு. ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பும் அளவே திரையின் கசிவைவிடப் பலமடங்கு இருக்கும். பகலில் உட்கார்ந்து கருப்பைச் சீர்செய்வது வீண் வேலை. பகலுக்கு ஒரு பட முறை, இரவுக்கு இன்னொரு பட முறை என்று இரண்டு வைத்துக்கொள்வதே சரி.

லோக்கல் டிம்மிங் உண்மையில் செய்வது என்ன

பேக்லைட்டை ஒரே விளக்காக வைக்காமல் பல மண்டலங்களாகப் பிரித்து, படத்தின் இருண்ட பகுதிக்குப் பின்னால் உள்ள மண்டலங்களை மட்டும் மங்கவைப்பதே லோக்கல் டிம்மிங். மண்டலம் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். 65 அங்குலத் திரை சுமார் 144 சென்டிமீட்டர் அகலம், 81 சென்டிமீட்டர் உயரம். அதில் 500 மண்டலங்கள் இருந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் சதுரம். 4கே திரையில் இருக்கும் 82,94,400 புள்ளிகளை 500 ஆல் வகுத்தால், ஒரு மண்டலத்துக்கு 16,500 புள்ளிகளுக்கு மேல் வருகிறது. வெறும் 60 மண்டலங்கள் என்றால் ஒவ்வொன்றும் 14 சென்டிமீட்டர் சதுரம், உள்ளங்கையைவிடப் பெரியது.

நம் லாந்தர் திரையில் ஒரு சென்டிமீட்டர் அகலம்தான். அதை 100 நிட்டில் காட்ட, அதற்குப் பின்னால் உள்ள மண்டலம் எரிந்தே ஆகவேண்டும். எரியும்போது அந்த 5 சென்டிமீட்டர் சதுரம் முழுக்கக் கசிவு வரும், அதே 0.025 நிட். விளக்குக்கும் திரைக்கும் நடுவில் உள்ள பரவல் தகடு அந்த ஒளியை அக்கம்பக்கத்து மண்டலங்களுக்கும் கொஞ்சம் தள்ளிவிடும். அதற்கும் அப்பால் விளக்குகள் அணைந்திருப்பதால் கடல் கிட்டத்தட்ட முழுக் கருப்பு.

இதில் கவனிக்க வேண்டியது, Off நிலையில் திரை முழுக்கப் பரவியிருந்ததும் அதே 0.025 நிட் கசிவுதான் என்பது. லோக்கல் டிம்மிங் ஒளிவட்டத்தைப் புதிதாக உண்டாக்கவில்லை. எல்லா இடத்திலும் இருந்த சாம்பலை மற்ற இடங்களில் துடைத்துவிட்டு, லாந்தரைச் சுற்றி மட்டும் மிச்சம் வைக்கிறது. ஒரே சீராக இருந்தபோது கண் அதைப் பழகிக்கொண்டது. ஓரம் தெரியும் தீவாக மிஞ்சும்போது பளிச்சென்று பிடித்துக்கொள்கிறது.

இதிலிருந்து ஒரு நேரடியான பயன் கிடைக்கிறது. வட்டத்தின் பிரகாசம் பேக்லைட் அளவோடு சேர்ந்தே ஏறி இறங்கும். லாந்தர் 300 நிட்டில் எரிந்தால் சுற்றிலும் 0.075 நிட், 100 நிட்டில் எரிந்தால் 0.025 நிட். எஸ்டிஆர் படத்தில் ஒளிவட்டம் உறுத்துகிறது என்றால் டிம்மிங்கை மாற்றுவதற்கு முன் பேக்லைட்டை இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

Off, Low, Medium, High

பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். சோனியில் Auto local dimming என்றும், சாம்சங்கில் Local Dimming என்றும் இருக்கும். சாம்சங்கில் நடு நிலைக்கு Standard என்று பெயர். எந்த நிலையாக இருந்தாலும் பொதுவாக மூன்று விஷயங்கள்தான் மாறுகின்றன: மண்டலம் எவ்வளவு ஆழமாக மங்குகிறது, எவ்வளவு வேகமாக மங்குகிறது, ஒரு மண்டலத்துக்குள் சின்ன வெளிச்சம் இருந்தால் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது.

மூன்றாவதுதான் பலரும் அறியாதது. லாந்தரை விட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள். ஒரு மண்டலத்தில் பத்துப் புள்ளி அளவுள்ள ஒரே ஒரு நட்சத்திரம், மீதி 16,000 புள்ளிகளும் கருப்பு. டிவி அந்த மண்டலத்தின் உச்சத்தைப் பார்த்து முடிவெடுத்தால் விளக்கு முழுதாக எரியும், நட்சத்திரம் சரியாகத் தெரியும், ஆனால் சுற்றிலும் சாம்பல் திட்டு விழும். சராசரியைப் பார்த்து முடிவெடுத்தால் விளக்கு கிட்டத்தட்ட அணையும், வானம் கருப்பாகும், நட்சத்திரம் மங்கிப்போகும். விளக்கு மங்கும்போது டிவி அந்தப் புள்ளியின் கதவை இன்னும் அகலமாகத் திறந்து ஈடுகட்டப் பார்க்கும். ஆனால் கதவுக்கு ஓர் எல்லை உண்டு. வெள்ளை 100 நிட் வரும் அமைப்பில் மண்டல விளக்கு பத்து சதவீதத்துக்கு இறங்கிவிட்டால், கதவு முழுதும் திறந்தாலும் கிடைப்பது 10 நிட்தான். 60 நிட்டில் மின்ன வேண்டிய நட்சத்திரம் 10 நிட்டில் சோர்ந்து கிடக்கும்.

நடைமுறையில் எல்லா டிவிகளும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கின்றன. உங்கள் டிவி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிய, நட்சத்திர வானம் உள்ள ஒரு காட்சியை நிறுத்தி வைத்து, டிம்மிங்கை Off-க்கும் High-க்கும் மாற்றிப் பாருங்கள். High-இல் சின்ன நட்சத்திரங்கள் எண்ணிக்கையில் குறைந்தால் டிவி கருப்புக்காகப் படத்தைப் பலி கொடுக்கிறது. அந்த டிவியில் Medium-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. நட்சத்திரங்கள் அப்படியே இருந்து, சுற்றிலும் வானம் திட்டுத் திட்டாக வெளுத்தால் அது படத்தைக் காப்பாற்றிக் கருப்பை விட்டுக்கொடுக்கிறது. இந்த இரண்டாவது தவறு மேலானது என்பதே எங்கள் கருத்து. வட்டம் உறுத்தினாலும் இயக்குநர் வைத்தது எதுவும் காணாமல் போகவில்லை.

வேகத்தைச் சோதிக்க, இருட்டில் டார்ச் வெளிச்சம் நகரும் காட்சி வேண்டும். Low-இல் பல டிவிகள் மண்டலங்களை மெதுவாகவே மங்கவைக்கும். வெளிச்சம் கடந்து போன இடத்தில் ஒரு நொடிப் பொழுது சாம்பல் வால் நிற்கும். High-இல் மண்டலங்கள் சட்டென்று மாறும்போது வெளிச்சத்தோடு சேர்ந்து கட்டம் கட்டமாகத் தாவுவது தெரியலாம். கேம் முறையில் தாமதத்தைக் குறைப்பதற்காக டிம்மிங் கணக்கையே எளிமைப்படுத்திவிடும் டிவிகள் உண்டு. ஆகவே கேம் முறையில் பார்த்த ஒளிவட்டத்தை வைத்துப் படத்துக்கான அமைப்பை முடிவு செய்யக் கூடாது.

பேக்லைட் விளக்குகள் திரைக்குப் பின்னால் பரவியிராமல் ஓரத்தில் மட்டும் இருக்கும் டிவிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் மண்டலம் என்பது மேலிருந்து கீழ்வரை, அல்லது பக்கத்திலிருந்து பக்கம்வரை நீளும் பட்டை. லாந்தர் எரிந்தால் அதற்கு நேர் மேலும் கீழும் உள்ள வானம், கடல், கருப்புப் பட்டை எல்லாம் தூண்போல வெளுக்கும். வசன வரி வந்து போகும்போதெல்லாம் தூண்கள் எரிந்து அணையும். இத்தகைய டிவியில் Off வைத்துப் பேக்லைட்டை இறக்குவதே சிறந்தது. சாம்பல் இருக்கும், ஆனால் அசையாது. அசையாத குறையைக் கண் பத்து நிமிடத்தில் மறந்துவிடும்.

நூற்றுக்கணக்கில் மண்டலங்கள் உள்ள விஏ திரையில் Off என்பது காசு கொடுத்து வாங்கியதைப் பூட்டி வைப்பதற்குச் சமம். அங்கே போட்டி Medium-க்கும் High-க்கும்தான். ஐபிஎஸ் திரையில் Off வைத்தால் இருட்டுக் காட்சியே பார்க்க முடியாது. 100 நிட் வெள்ளைக்குக் கருப்பே 0.1 நிட். ஆகவே டிம்மிங் வேண்டும். ஆனால் ஒளிவட்டமும் விஏவைவிட நான்கு மடங்கு பிரகாசமாக இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அங்கே பேக்லைட்டை இறக்குவதன் பயன் இன்னும் அதிகம்.

டிம்மிங்மேல் பழிபோடும் முன்

டிம்மிங் வேலையே செய்யவில்லை என்று தோன்றும் பல சமயங்களில் குற்றவாளி வேறு. முதலில் பார்க்க வேண்டியது எச்டிஎம்ஐ வீச்சு. வீடியோவில் கருப்பு என்பது 16 என்ற எண், வெள்ளை 235. வெளிப்பெட்டி இப்படி அனுப்ப, டிவி 0 முதல் 255 வரை என்று நினைத்துக்கொண்டால், 16 என்பது கருப்பாகாமல் அடர்சாம்பலாகிவிடும். எண்ணைப் பிரகாசமாக மாற்றும் காமா வளைவு 2.4 என்றால் இது வெள்ளையின் 0.13 சதவீதம், அதாவது 100 நிட் திரையில் 0.13 நிட். நம் விஏ திரையின் கசிவைவிட ஐந்து மடங்கு. அதோடு, படத்தில் கருப்பே இல்லை என்று டிவி நம்புவதால் எந்த மண்டலத்தையும் முழுதாக அணைக்காது. கருப்புப் பட்டைகள்கூட வெளுத்துக் கிடக்கும். இதுதான் அடையாளம்: டிவிக்குள்ளேயே இருக்கும் செயலியில் படம் பார்த்தால் பட்டைகள் கருப்பாகவும், வெளிப்பெட்டி வழியாகப் பார்த்தால் சாம்பலாகவும் இருக்கும். சோனியில் HDMI video range, சாம்சங்கில் HDMI Black Level என்ற இடத்தில் Auto வைத்துப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் பெட்டியிலும் டிவியிலும் ஒரே வீச்சைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது பிளாக் லெவல், அதாவது படத்தின் கருப்பு எந்த அளவில் தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு. இதை ஒரு படி கூட்டி வைத்திருந்தாலும் மேலே சொன்ன அதே விளைவுதான். இங்கே பெயர்க் குழப்பம் உண்டு. பழைய டிவிகள் பலவற்றில் Brightness என்பது பிளாக் லெவல். அண்மைக்கால சோனி, சாம்சங் டிவிகளில் Brightness என்பது பேக்லைட். எது எது என்று தெரியாவிட்டால் பகல் காட்சி ஒன்றை நிறுத்தி வைத்து அந்த அளவைப் பாதியாக்குங்கள். வெள்ளை மேகம் உட்பட எல்லாம் ஒரே விகிதத்தில் மங்கினால் அது பேக்லைட். மேகம் பெரிதாக மாறாமல் நிழல்கள் மட்டும் கருத்து விவரம் போனால் அது பிளாக் லெவல்.

மூன்றாவது, அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானாக மாறும் சென்சாரும் மின்சேமிப்பும். இரண்டையும் அணைத்துவிட்டே சோதனையைத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் ஒன்றை மாற்ற, டிவி இன்னொன்றை மாற்றும்.

செய்யும் வரிசை

டிவியை அரை மணி நேரம் ஓடவிட்டு, அறையை இருட்டாக்கிச் சில நிமிடம் உட்கார்ந்து கண்ணைப் பழக்குங்கள். Filmmaker Mode அல்லது அதுபோன்ற சினிமா முறையைத் தேர்ந்தெடுங்கள். லோக்கல் டிம்மிங்கை Off செய்துவிட்டு, கருப்பை ஒட்டிய பட்டைகள் கொண்ட சோதனைப் படத்தை வைத்துப் பிளாக் லெவலைச் சரிசெய்யுங்கள். 16-உம் அதற்குக் கீழும் பின்னணியோடு கலந்துவிட வேண்டும், 18, 19 அளவில் உள்ள பட்டை மட்டும் மிக லேசாகத் தெரிய வேண்டும். டிம்மிங் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்தால் மண்டலம் மங்கி அந்தப் பட்டையையே விழுங்கிவிடும், நீங்கள் தேவையில்லாமல் பிளாக் லெவலைக் கூட்டிவிடுவீர்கள். நாங்கள் அடிக்கடி காணும் தவறு இது.

பிறகு பேக்லைட். அளவுகோல் கருவி இல்லாவிட்டாலும் 100 நிட்டை ஓரளவு குறிவைக்கலாம். நன்றாக விளக்கு எரியும் மேசைமேல், அதாவது 370 லக்ஸ் அளவு வெளிச்சத்தில், வெள்ளைத்தாள் ஏறக்குறைய 100 நிட் காட்டும். திரையின் முழு வெள்ளை அந்தத் தாளின் பிரகாசத்தோடு ஒத்துப்போகும்வரை பேக்லைட்டை இறக்குங்கள். இருட்டு அறையில் இது ஆரம்பத்தில் மங்கலாகத் தோன்றும். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

கடைசியில்தான் டிம்மிங். லாந்தர் காட்சி, நட்சத்திரக் காட்சி, டார்ச் நகரும் காட்சி மூன்றையும் ஒவ்வொரு நிலையிலும் ஓட்டிப் பாருங்கள். ஒளிவட்டம் திரையில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. நீட்டிய கையின் விரலால் லாந்தரை மட்டும் மறையுங்கள். வட்டமும் சேர்ந்து மறைந்தால் அது உங்கள் கண்ணுக்குள் ஒளி சிதறுவதால் வருவது, எந்த டிவியிலும் வரும். விரலைச் சுற்றி வட்டம் நின்றால் அது திரையின் கசிவு. கைபேசியில் படம் எடுத்துப் பார்க்க வேண்டாம். தானியங்கி முறையில் அது இருட்டை வெளிச்சமாக்கி, ஒளிவட்டத்தைப் பலமடங்கு ஊதிக் காட்டும்.

உட்காரும் இடமும் முக்கியம். விஏ திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மூடிய கதவுகளின் கசிவு கூடும், நேரே உட்கார்ந்தவருக்குத் தெரியாத வட்டம் ஓரத்து நாற்காலிக்குத் தெரியும். குடும்பமாகப் பார்க்கும் வீட்டில் ஓர இருக்கையிலிருந்து சோதித்து Medium வைப்பது நியாயம்.

எச்டிஆரில் கணக்கு மாறுகிறது

எச்டிஆர் படத்தில் ஒவ்வொரு எண்ணும் ஒரு குறிப்பிட்ட நிட் அளவைக் குறிக்கிறது. லாந்தர் 800 நிட் என்று எழுதப்பட்டிருந்தால் டிவி அதைக் கொடுக்க முயல வேண்டும். அதற்காகவே எச்டிஆர் வந்ததும் டிவி தானாகவே பேக்லைட்டை உச்சத்திலும் டிம்மிங்கை High-இலும் வைக்கும். 800 நிட் லாந்தரின் மண்டலத்தில் கசிவு 0.2 நிட், எஸ்டிஆரைவிட எட்டு மடங்கு. ஒளிவட்டம் எச்டிஆரில்தான் அதிகம் தெரிகிறது என்ற புகாருக்குக் காரணம் இதுதான்.

இங்கே பேக்லைட்டைக் குறைப்பது தவறான மருந்து. லாந்தரோடு சேர்ந்து படகு, முகம் எல்லாமே கீழே இறங்கி, நிழல் விவரங்கள் தெரியும் எல்லைக்கும் கீழே போய்விடும். டிம்மிங்கை Off செய்வது அதைவிட மோசம். உச்சத்தில் எரியும் பேக்லைட் கடல் முழுவதையும் 0.2 நிட் சாம்பலாக்கிவிடும். பேக்லைட்டை அப்படியே விட்டு, டிம்மிங்கை High-இலிருந்து Medium-க்கு ஒரு படி இறக்கிப் பார்க்கலாம். அதைவிட நல்ல வழி திரைக்குப் பின்னால் சுவரில் விழும்படி ஒரு மெல்லிய விளக்கு வைப்பது. 6500 கெல்வின் வெண்மை, சுவரில் ஏறக்குறைய 10 நிட் அளவு, விளக்கு நேராகக் கண்ணிலோ திரையிலோ படாமல் இருக்க வேண்டும். சுவர் வெளிச்சத்துக்குக் கண் பழகும்போது 0.2 நிட் வட்டம் அதன் பக்கத்தில் அடங்கிவிடும். டிவியில் எதையும் மாற்றாமல் கிடைக்கும் நன்மை இது.

எஸ்டிஆரும் எச்டிஆரும் தனித்தனியாகத் தங்கள் அமைப்புகளைச் சேமிக்கும் டிவிகள் பல. ஒன்றில் செய்தது மற்றதில் இருக்கும் என்று நம்பாமல், எச்டிஆர் படம் ஓடும்போது மெனுவைத் திறந்து சரிபாருங்கள்.

மிஞ்சியிருப்பது வசன வரி. இருட்டுக் காட்சியில் திரையிலேயே மிகப் பிரகாசமான பொருள் பெரும்பாலும் அதுதான், அதுவும் முழுக்க முழுக்கக் கருப்பான பட்டைமேல். ஐந்து சென்டிமீட்டர் மண்டலங்கள் பத்துப் பதினைந்தை ஒரு வரி எரியவைத்துவிடும். படம் ஓட்டும் செயலியின் வசன அமைப்பில் எழுத்தின் நிறத்தை வெள்ளையிலிருந்து நடுத்தரச் சாம்பலுக்கு மாற்றுங்கள். வரியின் இடத்தை மாற்ற வசதி இருந்தால் பட்டையிலிருந்து படத்துக்குள் ஏற்றுங்கள். கருப்பின்மேல் தனியாகத் தெரிந்த வட்டம் படத்தின் வெளிச்சத்தோடு கலந்துவிடும்.